ஞாயிற்றுக்கிழமைக்கான இரண்டரை ரூபாய்

தம்புவின் வீட்டில் கடிதம் வாசிக்கும் நேரம் மாலை ஐந்தரை. தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் வேலை முடிந்து வந்து, கால் கழுவி, தேத்தண்ணி குடித்து முடித்ததும் அவர் தோல் பையைத் திறந்து தாள்களை மேசையில் பரப்புவார். மகள் செல்வமலர் கதவைச் சாத்துவாள். யன்னல் சீலையையும் இழுத்து விடுவாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய கிளாக்கர் வீட்டிலும் வேலை செய்கிறார் என்று தெரிந்தால் போதும், யார் வாசிக்கிறார்கள் என்பது தெரியக் கூடாது.

தம்புவின் கண்களில் புரை விழுந்து இரண்டு வருடமாகிறது. முதலில் வலது கண், பிறகு இடது. ஆட்களை உருவம் பார்த்துப் பிடித்துவிடுவார். நடை தெரியும், குரல் தெரியும். தாளில் இருப்பது மட்டும் பாலில் நனைத்த துணி போல இருக்கும். அறுக்கப் போனால் ஒரு மாதம் கட்டிலில் கிடக்க வேண்டும். ஒரு மாதம் நாற்காலி காலியாக இருந்தால் கொழும்புக் கம்பனி இன்னொருவரை அனுப்பிவிடும். அந்த நாற்காலியோடுதான் இந்த வீடு, வாசல் ரோசாச்செடி, விறகு, பால், யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கும் இரண்டு மகன்மாரின் படிப்புக் காசு எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டே வருடம். அதற்குப் பிறகு சேமநிதியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம். அதுவரை வீட்டில் பதினேழு வயதுச் செல்வமலர்தான் அவருடைய கண்.

கந்தோரில் முத்துலிங்கம்.

இதை முத்துலிங்கத்திடம் யாரும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. கொழுந்து பறிப்பவர்களின் லயத்தில் பிறந்து, அட்டனில் படித்து, இந்தத் தோட்டத்துக் கந்தோரில் முதல் முறையாக உட்கார்ந்த லயத்துப் பையன் அவன். வயது இருபத்திரண்டு. தம்புவின் மேசையில் ஒரு தாளை வைக்கும்போது, தனக்குத்தானே சரி பார்ப்பவனைப் போல, "மே மாசம் மொத்தம் எட்டாயிரத்து நானூத்திப் பதினேழு பேரு" என்று முணுமுணுப்பான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்து, "இங்க மை காஞ்சிருச்சுங்களா ஐயா" என்பான். ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். தோட்டத்தை நடத்தும் துரை மாதக் கடைசியில் அந்தப் பேர்க்கணக்கை எல்லாம் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்பார். தம்பு, காதில் விழுந்ததைக் கம்பீரமாகத் திருப்பிச் சொல்வார். பெரிய கிளாக்கர் தாளைப் பார்க்காமலே கணக்குச் சொல்கிறார் என்று துரைக்குப் பெருமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு மே மாதக் கடைசி நாள் தம்பு கொண்டுவந்த பையில் அந்த முத்துலிங்கத்தின் கடிதம் இருந்தது.

"வாசி பிள்ளை," என்றார் தம்பு. "பெடியன் தானே எழுதினவன். இங்கிலீசு சரியோ எண்டு பாக்கச் சொல்லித் தந்தவன். நாளைக்கு டைப் அடிக்க வேணும்."

செல்வமலர் வாசித்தாள். துரைக்கு எழுதிய விண்ணப்பம். கண்டியில் ஒரு வணிகப் பள்ளியில் தோட்டக் கணக்கு வைப்புப் பயிற்சி. ஜூன் பத்தொன்பது, திங்கட்கிழமை தொடங்கி ஜூலை முதலாம் தேதி, சனிக்கிழமை முடிகிறது. பெயர் பதியக் கடைசி நாள் ஜூன் பத்து. கட்டணம் அறுபது ரூபாய். புத்தகம் எட்டு ரூபாய். விடுதியில் தங்க, சாப்பிட, நாளுக்கு இரண்டரை ரூபாய் வீதம் பன்னிரண்டு நாளுக்கு முப்பது ரூபாய். மொத்தம் தொண்ணூற்றெட்டு. பக்கத்து றொசல்லை நிலையத்திலிருந்து ரயில் செலவு தன்னுடையது. இந்தத் தொகையைத் தோட்டம் செலுத்தவும், சம்பளத்தோடு விடுப்புத் தரவும் பணிவுடன் வேண்டுகிறேன். பள்ளியின் விபரத்தாள் இணைக்கப்பட்டுள்ளது.

"இங்கிலீசு எப்பிடி?"

"நல்லா இருக்கு அப்பா. ஒரு இடத்திலை மட்டும் வினைச்சொல்லின்ரை காலம் பிழைச்சுப் போச்சு. பதியிற கடைசித் தேதியை அடியிலை போட்டிருக்கிறார். அதை மேலை கொண்டு வந்தா துரை முதல்லை பாப்பார்."

"அப்பிடிச் செய். துரைதான் இவனை எழுதச் சொன்னவர். நூறு ரூபாய்க்குள்ளை எண்டா தன்ரை கையெழுத்துப் போதும், நூறைத் தாண்டினா கொழும்புக்கு எழுத வேணும், அவங்கள் மாதத்திலை ஒருக்காத்தான் கூடி முடிவு சொல்லுவாங்கள் எண்டு விளங்கப்படுத்தினவர். பெடியனுக்கு ஆசை. சான்றிதழ் கொண்டு வந்தா ரெண்டாம் கிளாக்கர். இல்லாட்டி ஜூலையிலை திரும்ப மலைக்குத்தான், கொழுந்து நிறுக்க."

குசினி வாசலில் அரிவாளோடு நின்ற இராசமணி காது கொடுத்துக்கொண்டிருந்தாள். செல்வமலரின் தாய்க்குக் கண்ணும் நல்லது, காதும் நல்லது, நாக்கு எல்லாவற்றிலும் நல்லது.

"எந்தத் தேதி எண்டு சொன்னனீ?"

செல்வமலர் திரும்பவும் சொன்னாள்.

"மாதக் கடைசியிலையோ?" இராசமணி அரிவாளை மேசையில் வைத்தாள். "இஞ்சாருங்கோ, மாதக் கடைசியிலை துரை பேர்க்கணக்குக் கேப்பார். முப்பதாந் தேதி உங்களுக்குப் பக்கத்திலை நிண்டு ஆர் சொல்லுறது?"

தம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் துடைத்தார்.

"நான் சமாளிப்பன்."

"என்னத்தைச் சமாளிப்பியள்? நேற்று வேலைக்காரி ராக்காயியைப் பாத்து நான் எண்டு நினைச்சு உப்புக் கேட்ட ஆள் நீங்கள்."

"அவள் உன்ரை பழைய சீலையைக் கட்டியிருந்தவள்."

"சீலைக்கு வித்தியாசம் தெரியேல்லை, எண்ணுக்குத் தெரியுமோ? உவன் கொழுந்துக் கூடைக்கை கிடந்து வளந்தவன். கண்டிக்குப் போய்ப் படிக்காட்டி உவன்ரை குடி முழுகிப் போமோ? நாங்கள் ரெண்டு பெடியங்களையும் கூட்டிக்கொண்டு தெருவிலை நிக்கிறதோ?"

"பெடியன் என்னை ஒரு நாளும் காட்டிக் குடுக்கேல்லை, இராசமணி," என்றார் தம்பு. குரல் தணிந்திருந்தது. "அவன்ரை சோத்திலை நான் மண் போட மாட்டன். மலர், கூட்டல் சரியோ?"

"சரி அப்பா. அறுபது, எட்டு, முப்பது. தொண்ணூற்றெட்டு."

"அப்ப எங்கை சுருக்கொப்பம் வைக்கிறது?"

செல்வமலர் அவருடைய கையைப் பிடித்து ஓரத்தில் வைத்தாள். அவர் பழக்கத்தில் சுழித்தார். எழுந்து விளக்கடிக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டார்.

தாள் செல்வமலரின் முன்னால் கிடந்தது. தேதிகளைக் கிழமையோடு ஒத்துப் பார்ப்பது அவளுடைய வழக்கம். அப்பா கற்றுக் கொடுத்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஜூன் பத்தொன்பதில் விரல் வைத்து எண்ணினாள். திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொன்றாகப் போய், சனி இருபத்துநாலு. அடுத்தது ஞாயிறு இருபத்தைந்து. அந்த ஞாயிறைத் தாண்டி மறுபடி திங்களிலிருந்து சனி வரை. பதின்மூன்று வந்தது.

இன்னொரு முறை எண்ணினாள். பதின்மூன்றுதான்.

முத்துலிங்கம் ஏன் பன்னிரண்டு என்று எழுதினான் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்பதிவில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பேர் கிடையாது. ஆறு நாள் ஒரு கிழமை, பன்னிரண்டு நாள் இரண்டு கிழமை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் எண்ணியிருப்பான். ஆனால் விடுதிக்காரனுக்குச் செக்ரோல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பாய் விரிப்பான், சோறு போடுவான், இரண்டரை ரூபாய் கேட்பான்.

பதின்மூன்று நாளுக்கு முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம். மொத்தம் நூறு ரூபாய் ஐம்பது சதம்.

நூறைத் தாண்டிவிட்டது. பென்சிலை எடுத்தாள், வைத்தாள். பிழையைத் திருத்துவதற்குத்தானே தந்தார்கள் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தின் குரல் அம்மாவின் குரல் போலவே இருந்தது. பன்னிரண்டின் மேல் மெல்லக் கோடு இழுத்துப் பதின்மூன்று என்று எழுதினாள். முப்பதை முப்பத்திரண்டரை ஆக்கினாள். தொண்ணூற்றெட்டை வெட்டினாள். அப்பாவின் சுருக்கொப்பம் அவளுடைய எண்களுக்குப் பக்கத்தில், அவற்றை எல்லாம் பார்த்து ஒப்புக்கொண்டதைப் போலவே இருந்தது.

இராசமணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மகளின் தலையில் கையை வைத்து ஒரு முறை தடவினாள். கன காலத்துக்குப் பிறகு தடவினாள்.

மறுநாள் பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தபோது முத்துலிங்கம் குசினிப் பக்கத்தால் வந்தான். முன் வாசலால் வருவதில்லை. இராசமணி அவனுக்கென்று வெளியே தாழ்வாரத்தில் கொழுவி வைத்திருந்த நெளிந்த தகரக் குவளையில் தேத்தண்ணி ஊற்றி, படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அதை எடுத்துக்கொண்டு நனையாத பக்கமாக ஒதுங்கி நின்றான்.

"தங்கச்சி, ஐயா இருக்காங்களா?"

"அப்பா சாய்வுக் கதிரையிலை படுத்திருக்கிறார். என்ன வேணும்?"

அவன் சட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தான். நனையாமல் இருக்க வாழைச் சருகில் சுற்றியிருந்தான்.

"இங்கிலீசு அருமையாத் திருத்தியிருக்காங்க. அந்த கடைசித் தேதிய மேல தூக்கிப் போட்டது எனக்குத் தோணவே இல்ல. கேக்க வந்தது நடுவுல வர்ற ஞாயித்துக்கெழமையப் பத்திங்க." வெட்கத்தோடு சிரித்தான். "எங்களுக்கு ஞாயித்துக்கெழமைக்குப் பேரு இல்லீங்களே. பழக்கத்துல விட்டுட்டேன்."

"அதுதான் திருத்தினது."

"சரிதாங்க. ஆனா இது இப்ப நூத்துக்கு மேல போயிருச்சு. தொரை கையெழுத்துப் போட முடியாது. கொழும்புக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பத்தாந்தேதி போயிரும். அந்த ஒரு நாளு நான் சோறு திங்காம கெடந்துர்றேன். இல்ல, டேசன்ல படுத்துக்கிறேன். பழையபடி பன்னெண்டுன்னே அடிச்சுறவா? ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

செல்வமலர் அவனுடைய முகத்தைப் பார்க்காமல் குவளையைப் பார்த்தாள்.

"நில்லுங்கோ. கேட்டுக்கொண்டு வாறன்."

உள்ளே போனாள். தம்பு சாய்வுக் கதிரையில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் எழுந்திருப்பார். எழுந்தால், "அதுக்கென்ன, பன்னிரண்டு எண்டே அடிக்கட்டும், ஞாயிறு தன்ரை செலவு எண்டு ஒரு வரி சேர்க்கட்டும்" என்று சொல்வார். அது அவளுக்குத் தெரியும். கதிரைக்குப் பின்னால் நின்று அப்பாவின் மூச்சை எண்ணினாள். இருபது வரை எண்ணினாள். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க அவ்வளவு நேரம் போதும் என்று தோன்றியதும் திரும்பி வந்தாள்.

"திருத்தினபடியே அடிக்கட்டாம்."

அவன் அசையாமல் நின்றான். "ஐயாதான் சொன்னாங்களா?"

"ஓம்."

"அம்பது சதந்தாங்க. அத நானே குடுத்துர்றேன்னு ஒரு வரி எழுதிட்டா..."

"விபரத்தாள் கூடவே போகுது. அதிலை நாள் இருக்கு, காசு இருக்கு. துரை ஒத்துப் பாத்தா, கணக்கு ஒழுங்காய் எழுதத் தெரியாதவன் கணக்குப் படிக்கப் போறான் எண்டு சிரிப்பார். அப்பாவுக்கும் கேடு." அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "பெரிய கிளாக்கர் சுருக்கொப்பம் வைச்ச தாளிலை நீங்கள் கை வைக்கிறதோ?"

உள்ளேயிருந்து இராசமணி சத்தம் போட்டாள். "மலர், உங்கை என்ன கனக்கக் கதை? குடிச்சா குவளையைக் கழுவிக் கவிழ்த்துப்போட்டுப் போகச் சொல்லு."

முத்துலிங்கம் குவளையைப் பீலியிலிருந்து கொட்டிய தண்ணீரில் கழுவினான். கவிழ்த்து வைத்தான். கடிதத்தை மறுபடி வாழைச் சருகில் சுற்றினான்.

"ஐயா சொன்னா சரிதாங்க," என்றான். "ஐயா எனக்குக் கெடுதி செய்ய மாட்டாங்க."

மழைக்குள் இறங்கிப் போனான்.

டைப் அடித்த கடிதம் மறுநாளே வீட்டுக்கு வந்தது. மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். செல்வமலர் வாசித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஓரம் சீராக இருந்தது. நூறு ரூபாய் ஐம்பது சதம் என்று எண்ணாலும் எழுத்தாலும் அடித்திருந்தான். அந்த வரி வந்தபோது அவள் தொண்ணூற்றெட்டு என்றே வாசித்தாள். தம்பு தலையை ஆட்டிச் சிபாரிசு செய்து கையெழுத்திட்டார்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர் பையைத் திறக்காமல் உட்கார்ந்தார்.

"துரை அதைக் கொழும்புக்கு அனுப்பிப்போட்டார். நூறு ரூபாய் ஐம்பது சதமாம். நீ தொண்ணூற்றெட்டு எண்டெல்லோ வாசிச்சனீ?"

செல்வமலர் சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "பிறகுதான் கண்டனான் அப்பா. இடையிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுபட்டிருந்தது. பிழையாப் போகப்படாது எண்டு திருத்தினனான். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்."

தம்பு அவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்கு அவள் முகம் தெரியாது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

"ம். கணக்குச் சரிதான்," என்றார். "சரியான கணக்குத்தான்."

இராசமணி அன்றிரவு அவருக்கு மீன் பொரித்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. ஆனால் துரையிடம் போய் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கவுமில்லை.

ஜூன் பத்து வந்தது, போனது. பத்தொன்பதாந் தேதி காலையில் கண்டி ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு போகும் சத்தம் வழக்கம்போலக் கேட்டது. முத்துலிங்கம் வழக்கம்போலக் கந்தோர்க் கதவைத் திறந்தான். அடுத்த நாள் தபாலில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. விண்ணப்பம் முழுமையாகவும் தெளிவாகவும் இருந்தது, நூறு ரூபாய் ஐம்பது சதமும் அங்கீகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் தம்பு அதைச் சொல்லும்போது பாதி வருத்தமாகவும் பாதி ஆறுதலாகவும் இருந்தார்.

"துரைக்கும் கவலை. வாற வருசம் பாப்பம், இப்ப ஜூலையிலை மலைக்குப் போ எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு மனம் கேக்கேல்லை. பெடியனைக் கூப்பிட்டு, தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டிட்டு அடிக்கட்டோ எண்டு என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நான் ஓம் எண்டிருப்பனே எண்டு சொன்னன்."

செல்வமலர் நிமிர்ந்தாள். "அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சான் எண்டு நினைக்கிறன். மூச்சு விட்ட சத்தம் அப்பிடித்தான் கேட்டுது."

அதற்குப் பிறகு முத்துலிங்கம் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டான்.

வேலையில் ஒரு குறை இல்லை. தாள்கள் நேரத்துக்கு மேசைக்கு வந்தன. கேட்டால் பதில் சொன்னான். ஆனால் எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை, கையெழுத்து வைக்கும் இடத்தில் விரல் வைப்பதில்லை. தாளை வைத்துவிட்டு, "வச்சிருக்கேங்க ஐயா" என்று தன் இடத்துக்குப் போய்விடுவான். தம்பு தினமும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னார்.

"பெடியன் வாயைத் திறக்கிறானில்லை. சுகமில்லையோ தெரியாது."

"சுகமில்லையாம், சுகம்," என்றாள் இராசமணி. "கொழுப்பு. நாலு எழுத்துத் தெரிஞ்சவுடனை வாற கொழுப்பு. முப்பதாந் தேதி மட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டிருங்கோ. பேர்க்கணக்கை முதல் நாளே வீட்டை கொண்டு வாங்கோ, மலர் பாடமாக்கித் தருவாள்."

ஆனால் பேர்க்கணக்கு முதல் நாள் வீட்டுக்கு வராது. கடைசி நாளின் பேரையும் சேர்த்துத்தான் மொத்தம் போடுவார்கள்.

ஜூன் முப்பது, வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டைக் கந்தோருக்குக் கொண்டு போவது ராக்காயியின் வேலை. அன்று செல்வமலர், "நான் கொண்டு போறன்" என்று டிபன் கரியரைப் பறித்துக்கொண்டாள். எப்படியாவது அந்த எண்ணைப் பார்த்து அப்பாவின் காதில் போட்டுவிட வேண்டும். வழி முழுக்க முத்துலிங்கத்திடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நடந்தாள். மன்னித்துவிடுங்கள் என்பதா, இன்று ஒரு நாள் மட்டும் என்பதா. எதைச் சொன்னாலும் அதற்கு முதல் அந்த இருபது மூச்சைச் சொல்ல வேண்டியிருந்தது.

கந்தோர் வாசலில் துரையின் கார் நின்றது. நேரத்தோடே வந்துவிட்டார்.

அவள் கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள். அரைக் கதவின் மேலால் உள்ளே தெரிந்தது. தம்பு எழுந்து நின்றார். அவருக்கு முன்னால் மேசையில் தாள்கள். துரை, புகைக் குழாயைக் கடித்தபடி, நாற்காலியில் கால் மேல் கால் போட்டிருந்தார். முத்துலிங்கம் தன் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, யன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

துரை ஆங்கிலத்தில் ஜூன் மாத மொத்தத்தைக் கேட்டார்.

தம்பு தாளைக் கையில் எடுத்தார். காத்திருந்தார். தலையை முத்துலிங்கத்தின் பக்கம் லேசாகச் சாய்த்தார். சுவர்க் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது.

"முத்துலிங்கம்," என்றார் மெல்ல.

"மொத்தம் அந்தத் தாள்லதாங்க இருக்கு ஐயா. கூட்டி வச்சிருக்கேன். சரி பாக்க வேண்டியது ஐயாதாங்க."

தம்பு தொண்டையைச் செருமி, எட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு என்றார். அது மே மாதக் கணக்கு. துரை குழாயை வாயிலிருந்து எடுத்தார். கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தார். தம்புவைப் பார்த்தார். பிறகு முத்துலிங்கத்தைப் பார்த்தார். அவன் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். துரையின் முகத்தில் மெதுவாக, வேட்டைக்குப் போனவர் புதருக்குள் ஏதோ அசைவதைக் கண்டதைப் போல, ஒரு ஆர்வம் வந்தது.

அவர் மேசையில் கிடந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். இரண்டு பக்கமும் வெற்றுத் தாள் என்பது வாசலில் நின்ற செல்வமலருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தம்புவிடம் நீட்டினார்.

"கொழும்பிலிருந்து வந்த கடிதம். எனக்குக் கொஞ்சம் வாசித்துக் காட்டு," என்றார், மிகவும் அன்பாக.

டிபன் கரியரின் கம்பி செல்வமலரின் விரலை அறுத்தது. அப்பா என்று ஒரு சத்தம் போட்டால் போதும். கரியரைக் கீழே போட்டாலும் போதும். அவளால் இரண்டும் முடியவில்லை.

தம்பு தாளை வாங்கினார். கண்ணாடியைச் சரி செய்தார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கொஞ்சம் கிட்டப் பிடித்தார். பிறகு நிமிர்ந்து நின்று, முப்பது வருடமாக எத்தனையோ கடிதத்தில் கேட்டும் எழுதியும் பழகிய அந்த அழகான ஆங்கிலத்தில் தொடங்கினார். அன்புடையீர், தங்களுடைய இம்மாதம் பதினான்காந் தேதியக் கடிதம் கிடைத்தது. தாங்கள் அதில் குறிப்பிட்ட விடயம் எமது கவனத்தைப் பெற்று வருகிறது.

ஒரு இடத்திலும் தடங்கவில்லை. வரி முடியும் இடத்தில் நிறுத்தி, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டி, அடுத்த வரியைத் தொடங்கினார். துரை மறுபடி கால் மேல் கால் போட்டு, குழாயைப் பற்ற வைத்து, சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். முத்துலிங்கம் யன்னலிலிருந்து தலையைத் திருப்பினான். அந்த வெற்றுத் தாளைப் பார்த்தான். பிறகு அரைக் கதவுக்கு மேலால் தெரிந்த செல்வமலரின் முகத்தைப் பார்த்தான். முன்பு எண்ணை முணுமுணுக்கும்போது அசைவதைப் போல அவன் உதடு அசைந்தது. ஆனால் அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

தம்பு தாளைத் திருப்பி, மறுபக்கத்தை வாசிக்கத் தொடங்கினார்.